அமானிதமா, இரவலா?

எனக்கு வாய் நீளம் என்று ஏரலில் எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால், வெள்ளம் கொண்டுபோன நகைக்கு இன்றைக்கு என் வீட்டு மனையை விற்றிருப்பார்கள். மனை போனதோடு பேரும் போயிருக்கும். வாயை மூடிக்கொண்டு நல்ல பெண் என்று பெயர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

நான் பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் அரபிக் கல்லூரியில் சட்டக் கிதாபுகளை ஓதி ஆலிமா பட்டம் வாங்கியவள். என் வீட்டுக்காரர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி, திருட்டுக்குப் பயந்து கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டியது. இந்த இரண்டையும் நம்பித்தான் தெருப் பெண்கள் பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள். புருஷன் அடகுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தவள் வளையலைக் கொண்டுவருவாள். மகன் கைக்குப் பயந்தவள் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவருவாள். கூலி என்று ஒரு வெற்றிலைப் பாக்குகூட நான் வாங்கியதில்லை.

ஆனால் சும்மா "வச்சிக்கோளா" என்று நீட்டினால் கை நீட்டி வாங்க மாட்டேன். ஒரு கேள்வி கேட்பேன். "அமானிதமா, இரவலா?"

இதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. 'கோர்ட்டம்மா' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். நான் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. பாதுகாத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தால் அது அமானிதம். நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் அது தொலைந்தால், நஷ்டம் பொருளுக்கு உரியவளுடையது. நான் அசட்டையாக இருந்தாலோ, வரம்பு மீறினாலோதான் என் தலையில் விழும். பயன்படுத்திக்கொள்ள வாங்கினால் இரவல். எங்கள் ஷாபி மத்ஹபில், அதாவது நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவில், இரவல் வாங்கியவர் கையில் பொருள் அழிந்தால், அவர் மேல் தப்பு இல்லாவிட்டாலும் அவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். அனுமதித்தபடி பயன்படுத்தியதில் தேய்ந்ததற்கு மட்டும்தான் விலக்கு.

இன்னொன்றும் உண்டு. என்னிடம் அமானிதமாக இருக்கும் சங்கிலியை ஒரு ஆசைக்கு நான் கழுத்தில் போட்டுப் பார்த்தேன் என்று வையுங்கள். அந்த நிமிடமே நம்பிக்கை உடைந்தது. கழற்றி அதே பெட்டியில் அதே துணியில் சுற்றி வைத்தாலும் உடைந்தது ஒட்டாது. உடையவள் மறுபடி என்னை நம்பி ஒப்படைக்கிறவரைக்கும், இடி விழுந்து போனாலும் நான்தான் பொறுப்பு. இதைப் படித்துவிட்டு எப்படி மற்றவர்கள் மாதிரி அலட்சியமாக வாங்கி வைக்க முடியும்?

எங்கள் அடுத்த வீட்டு லாத்தாவுக்கு ஒரு பச்சைக்கல் அட்டிகை இருந்தது. லாத்தா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என்னைவிட மூத்தவள், அந்த மரியாதை. அவளுடைய புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் தொட்டதெல்லாம் அடகுக்குப் போனது. இந்த அட்டிகை மட்டும் என் வீட்டுக்கு வந்து தப்பியது. அவர் மவுத்தான பிறகும், தனியாக இருக்கிறவள் வீட்டில் நகை எதற்கு என்று என்னிடமே விட்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகள், வண்ணார்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த மகளுக்கு என்று வைத்திருந்த நகை அது.

வெள்ளத்துக்கு முந்தி என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது. தங்கச்சி இருப்பது அம்பாசமுத்திரத்தில். கல்யாணப் பெண்ணின் கழுத்துக்கு அந்த அட்டிகை எடுப்பாக இருக்கும் என்று அவள்தான் லாத்தாவிடம் கேட்டாள். லாத்தாவுக்குத் தாராள மனசு.

"அதுக்கென்னளா, அக்கா பெட்டிலதானே கெடக்கு. எடுத்துப் போட்டுக்கிட வேண்டியதுதானே" என்றாள்.

நான் விடவில்லை. பெட்டியைத் திறந்து, "லாத்தா, உங்க கையால எடுங்க, உங்க கையால அவகிட்ட குடுங்க" என்றேன். அவள் எடுத்துத் தங்கச்சி கையில் வைத்தாள். அமானிதம் அங்கே முடிந்தது. இரவல் தொடங்கியது, அதுவும் லாத்தாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில். எனக்கு அதில் பங்கே இல்லை.

கல்யாணம் முடிந்து தங்கச்சி அட்டிகையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது லாத்தா ஊரில் இல்லை, மகளைப் பார்க்க வண்ணார்பேட்டை போயிருந்தாள். தங்கச்சிக்கு அவசரம். வீட்டில் சம்பந்தி ஆட்கள் இருக்கிறார்கள்.

"இந்தா, உன் பெட்டில போட்டுப் பூட்டு. நான் பஸ்ஸப் புடிக்கணும்" என்றாள்.

"போட மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"நீ லாத்தாகிட்ட வாங்கின. லாத்தாகிட்டதான் குடுக்கணும். இரவல் வாங்கினவ இன்னொருத்திகிட்ட ஒப்படைக்கக் கூடாது. உடையவ கைக்குப் போகாம என் பெட்டிக்குள்ள வந்தா, ரெண்டு பேர் தலையும் உருளும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நீ ஒரு அக்காவா? ரத்த பாசம் கொஞ்சமாவது இருக்கா ஒனக்கு? கிதாபு ஓதி ஓதிக் கல்லாப் போயிட்ட!" என்று கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது. நான் அசையவில்லை. லாத்தா திரும்பி வரும்வரை அட்டிகையை முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டிலேயே கிடந்தாள், நான் வைத்த சோற்றை முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கிறதே என்று சட்டத்தை வளைக்க ஆரம்பித்தால், எந்த இடத்தில் நிறுத்துவது?

லாத்தா வந்தாள். தன் வாசலில் நின்று அட்டிகையை வெளிச்சத்தில் பிடித்து, கல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "சரியா இருக்குளா" என்று தங்கச்சிக்கு துஆ செய்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இந்தாளா, பழையபடி வை."

"என்னவா வைக்கணும்?"

"அமானிதமாத்தான், கோர்ட்டம்மா!"

"எங்க வைக்க?"

"ட்ரங்குப் பெட்டிலயே வை. அலமாரியத் தொறந்தா வாறவ போறவ கண்ணெல்லாம் படும்."

பக்கத்தில் பையோடு நின்ற தங்கச்சி, "ரெண்டும் கூடிக் கூத்தடிக்காளுக, இதுக்கா என்னை இங்கன கெடக்க வச்ச?" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த மழைக்காலம். விடாமல் பெய்தது. தாமிரபரணி கரையைத் தாண்டியது என்று ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, விடிகாலை சுபுஹு தொழுது முடித்த நேரத்தில், தண்ணீர் எங்கள் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அலமாரியைத் திறந்து மேல்தட்டில் இருந்த பொட்டலங்களை மஞ்சள்பையில் அள்ளிப்போட்டேன். பிறகு ட்ரங்குப் பெட்டிக்குக் குனிந்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கைவிட்டுச் சங்கிலியின் பூட்டைத் தடவினேன். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. மறுபடி குனிந்தபோது பின்சுவர் உப்பி வருவது தெரிந்தது.

"ஏ பைத்தியம், வா வெளியே!" என்று வீட்டுக்காரர் ஒரு கையால் என்னை இழுத்து வாசலில் தள்ளினார். சுவர் விழுந்தது. கட்டில், பெட்டி, பாய், எல்லாம் ஆற்றோடு போயின. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றைத் தோண்டிப் பார்த்தோம். கட்டில் கால் ஒன்று கிடைத்தது, அதில் பூட்டோடு சங்கிலி கிடந்தது. பெட்டி இல்லை. பாத்திரக்கடையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. வீடு இருந்த மனை மட்டும்தான் எங்களுக்கு மிச்சம்.

லாத்தா வந்தாள். அவள் வீடு நின்றது, ஆனால் உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சேறு. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "உசுரு இருக்குல்லாளா, அது போதும்" என்றாள். நானும் அழுதேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய மருமகன் வந்தான். வண்ணார்பேட்டையில் நகைக்கடையில் வேலை. தங்கத்தைத் தொட்டுத் தொட்டு மனிதர்களையும் உரைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது போல. சேற்றில் நின்ற எங்களிடம் சுகம்கூட விசாரிக்கவில்லை. கைபேசியில் என் தங்கச்சி மகளின் கல்யாணப் படத்தைக் காட்டினான். அதில் பெண்ணின் கழுத்தில் பச்சைக்கல் அட்டிகை.

"இரவல் வாங்கிப் போட்டிருக்கீங்க. ஊரே பாத்திருக்கு. அமானிதம்னு கத சொல்லாதீங்க. இரவல் போனா ஈடு குடுக்கணும்னு உங்க மத்ஹபுலயே இருக்கு. நான் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

பள்ளிவாசல் ஜமாஅத்தில் மனு கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துகொண்டது. மற்றவர்கள் பொட்டலம் தப்பித்தது, லாத்தாவுடையது மட்டும் எப்படிப் போனது என்று குழாயடியில் கேட்டார்கள். நேற்றுவரை என் வீட்டில் வளையலை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இடுப்புத் தண்ணீரில் குனிந்தவள் நான்!

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். "மனைய வித்துக் குடுத்திருவோம். மானத்தோட இருக்கலாம்" என்றார்.

"எந்த மானம்? குடுத்தா, நான் எடுத்திட்டேன்னுதான் அர்த்தம். தர வேண்டாத ஈட்டத் தந்தா அது தர்மம் இல்ல, ஒப்புதல். அப்புறம் இந்தத் தெருவுல எவளும் எவ பொருளையும் வாங்கி வைக்க மாட்டா. வெள்ளத்துக்கும் பொறுப்பேத்துக்கிட எவளுக்குத் தெம்பு இருக்கு? மனைய வித்தா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

அவரும் கடையை இழந்தவர். அன்றைக்கு அவரிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்கும் தெரியும். கத்தினேன்.

விசாரணைக்கு முன்னால் தங்கச்சி மகளின் கைபேசிக்குக் கூப்பிட்டு, அவள் உம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வெள்ளம் வந்தபோது தங்கச்சி ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தாள், ஆனால் வரவில்லை, பேசவில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். அன்னைக்கு என்னை ஏசினேல்லா, அத அப்படியே ஜமாஅத்துல வந்து ஏசிட்டுப் போ. அது போதும்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கூடத்தில் விசாரணை. வெள்ளக் கோடு சுவரில் அப்படியே இருந்தது, பாய்களில் இன்னும் ஈரவாடை. ஒரு பக்கம் ஜமாஅத் தலைவர், பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத், நாலைந்து பெரியவர்கள், என் வீட்டுக்காரர், அந்த மருமகன். திரைக்கு இந்தப் பக்கம் நான், லாத்தா, தெருப் பெண்கள். அலமாரியில் இருந்து தப்பிய பொட்டலங்களை மஞ்சள்பையோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் அன்றைக்கே உரியவர்களிடம் கொடுத்துவிடுவது என்ற வீம்பு. லாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை.

தங்கச்சி வரவில்லை.

"உங்க சார்பா உங்க வீட்டுக்காரர் பேசட்டுமே" என்றார் தலைவர்.

"பொருள வாங்கினது நான். பேசுறதும் நான்தான்" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கனைத்தார்கள். கனைக்கட்டும்.

மருமகன் தன் கதையைச் சொன்னான். அட்டிகை கல்யாணத்துக்கு இரவல் போனது. லாத்தா ஊரில் இல்லாத நேரம் திரும்பி வந்தது. தங்கச்சி அக்காவிடம் கொடுத்தாள், அக்கா பெட்டியில் போட்டாள். உடையவள் கைக்கு வரவே இல்லை. ஆக, அமானிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கெட்டிக்காரன். நடந்தது அவன் சொன்னபடி என்றால் நான்தான் பொறுப்பு. ஹஜ்ரத்தும் அதையே சொன்னார். "உடையவங்க கைக்குப் போகாம பெட்டிக்குப் போயிருந்தா, அது அமானிதம் ஆகாது."

தலைவருக்குச் சண்டையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "தம்பி, நீங்க ஹனபி. உங்க மத்ஹபுல இரவல் வாங்கினவரும் அமானிதக்காரர் மாதிரித்தான், வரம்பு மீறாம இருந்தா ஈடு கிடையாது. அப்படித்தானே ஹஜ்ரத்? அப்ப அதையே எடுத்துக்கிடுவோம். இரவல்னே இருக்கட்டும், ஈடும் வேண்டாம். இவங்களும் தப்பிச்சாங்க, நீங்க சொன்னதும் நின்னுச்சு."

வீட்டுக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. மனை தப்பித்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"என்னம்மா வேண்டாம்?"

"தப்பிக்க நான் இங்க வரல. நடக்காத இரவல நடந்ததா ஒத்துக்கிட்டு, அவரு மத்ஹப இரவல் வாங்கித் தப்பிக்கவா? நாளைக்குத் தெருவுல என்ன சொல்லுவாங்க? அமானிதத்த எடுத்துப் போட்டவ, சட்டத்துல ஓட்ட தேடித் தப்பிச்சிட்டான்னு சொல்லுவாங்க. லாத்தா கைக்கு அது வந்துச்சா இல்லையா, அத மட்டும் கேளுங்க. வரலன்னா மனைய இப்பவே எழுதிக்கிடுங்க."

வீட்டுக்காரர், "யா அல்லாஹ்!" என்று தலையில் கைவைத்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம். "செருப்ப எங்கன கழட்ட? எல்லா எடமும் சேறாக் கெடக்கு!" என் தங்கச்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில். என்னைத் தாண்டிப் போய்த் திரை ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஹஜ்ரத் அவளிடம் கேட்டார். அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"இவ ஒரு பொம்பளையா ஹஜ்ரத்? கூடப்பொறந்தவ நான். சம்பந்தி வீட்டு ஆளுகள விட்டுட்டு வந்து நிக்கேன், பெட்டில போடுன்னு கெஞ்சுதேன், போட மாட்டேங்கா. உடையவ வரட்டும்னு என்னைப் புடிச்சு வச்சிட்டா. நகைய முந்தானைல முடிஞ்சிக்கிட்டு, திருடி மாதிரி இவ வீட்டுல கெடந்தேன். எங்க சம்பந்தியம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டுதா! அந்தா இருக்காங்களே லாத்தா, அவங்க வந்து, அவங்க வாசல்ல நின்னு, கல்லத் தடவிப் பாத்து வாங்கினாங்க. அப்புறம் இவகிட்ட குடுத்தாங்க. இவ அப்பவும் விட்டாளா? அமானிதமா, எங்க வைக்கன்னு ஆயிரம் கேள்வி. நான் அன்னையில இருந்து இவகிட்ட பேசுறதில்ல. இப்பவும் பேச மாட்டேன்!"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

மருமகன் விடவில்லை. "கூடப்பொறந்தவ சாட்சி" என்றான்.

"கூடப்பிறந்தவங்க சாட்சி செல்லும். ஆனா ஒத்தைச் சாட்சி, அது மட்டும் பத்தாது" என்றார் ஹஜ்ரத். பிறகு குரலைத் தணித்து, "நகைக்கு உடையவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும்" என்றார்.

லாத்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். மகள் அவன் வீட்டில் வாழ்கிறாள். இவள் இங்கே ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், அங்கே மகள்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் பேசாமல் இருந்துவிட்டாலே போதும், மருமகன் சொன்னது நின்றுவிடும். அவளைத் திட்டத்தான் நான் காலையிலிருந்து வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"மாமி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் மருமகன், திரைக்கு அப்பாலிருந்து, மரியாதையாகத்தான்.

லாத்தா நிமிர்ந்தாள். "யோசிக்க என்ன இருக்கு? அவ தங்கச்சி சொன்னது நெசம். என் கைக்கு வந்துச்சு. நான்தான் திருப்பி அமானிதமாக் குடுத்தேன். ட்ரங்குப் பெட்டில வைன்னு சொன்னதும் நான்தான்."

"மாமி!"

"நான் ஹயாத்தா இருக்கேன் மருமவனே, நாளைக்கு மவுத்தாவேன். அங்க கேப்பாங்கல்ல?"

உடையவளே ஒத்துக்கொண்ட பிறகு சாட்சி எதற்கு? ஆனால் அவன் கடைசியாக ஒன்று வைத்திருந்தான். "சரி, அமானிதம்தான். மத்தவங்க பொருள அள்ளிக்கிட்டு எங்க பொருள விட்டது அசட்டை இல்லையா?"

ஹஜ்ரத் சொன்னார். "வீட்டுல தீப்பிடிச்சு, அமானிதங்கள ஒண்ணொண்ணா வெளிய எடுக்கும்போது மிச்சம் எரிஞ்சா, எடுத்தவர் மேல பொறுப்பில்ல. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுக்க முடிஞ்சும் விட்டிருந்தாத்தான் குத்தம். இவங்க கையெட்டினத எடுத்திருக்காங்க, அடுத்ததுக்கும் குனிஞ்சிருக்காங்க. பொருள் இருந்தது உடையவங்க சொன்ன எடத்துல. பொறுப்பு இல்ல."

"நான் சத்தியம் செய்யுதேன் ஹஜ்ரத்" என்றேன். அதற்காகவே கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்திருந்தேன்.

"வேண்டாம்மா. காரணம் மறைவா இருந்தா சத்தியம் கேக்கலாம். இது ஊரையே மூடின வெள்ளம். உங்க சுவர் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். இதுக்குச் சத்தியம் இல்லாமலே உங்க சொல்ல ஏத்துக்கிடணும்."

சத்தியம் செய்து எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று வந்தவளுக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் உறைத்தது. சத்தியம் இல்லாமலே என் சொல் செல்லும் என்று ஊர்க் கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனான்.

நான் ஜெயித்தேன். லாத்தாவுக்கு அட்டிகை போனது போனதுதான். சட்டம் யார் தோளில் சுமை விழும் என்று சொல்லும், சுமையை இல்லாமல் ஆக்காது. அது எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் பட்டது.

ஆனாலும் வீம்பு போகவில்லை. மஞ்சள்பையைப் பெண்கள் நடுவில் பாயில் கவிழ்த்தேன். "இந்தா, அவங்கவங்க பொருள எடுத்துக்கோங்க. குழாயடியில பேசினவளும் எடுத்துக்கோ. இனி என் வீட்டுல அலமாரியும் இல்ல, பெட்டியும் இல்ல, சுவரே இல்ல" என்றேன்.

ஒரு கையும் நீளவில்லை. லாத்தாதான் நகர்ந்து வந்தாள், அந்தக் குவியலில் தன்னுடையது என்று ஒன்றுமே இல்லாதவள். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

"நீ வைக்காட்டா நாங்க எங்கன கொண்டு போயி வைக்க?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "லாத்தா, இது உங்களுது இல்ல. உடையவ தொட்டு, அவ வாயால சொல்லணும்."

"பாத்தியளா, இவ திருந்தவே மாட்டா!" என்றாள் தங்கச்சி. அன்றைக்கு என்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்ன முதல் வார்த்தை.

ஒவ்வொருத்தியாக வந்து தன் பொட்டலத்தைத் தொட்டு, "அமானிதம்" என்று சொல்லி என் கையில் வைத்தாள். குழாயடிக்காரி தலைகுனிந்துகொண்டுதான் சொன்னாள். அவளையும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

கடைசியில் லாத்தா இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவினாள். சேறு இன்னும் கழுவி முடியாத அவள் வீட்டுச் சாவி.

"நான் மவ வீட்டுக்குப் போறேன். மருமவன் ஏசுவான். ஏசட்டும், புள்ளையத் தனியா விட முடியாது. இத வச்சிக்கோளா. அமானிதம்."

"எங்க வைக்க?"

"இந்தத் தடவ பெட்டி வேண்டாம்" என்றாள். "உன் இடுப்புல வை."